நான்காவது இடுக்கு: சேற்றுப்புண் எங்கே தொடங்குகிறது, ஏன் திரும்பி வருகிறது

சேற்றுப்புண் என்ற பெயரில் சேறு இருப்பதால் சேற்றில் இறங்காதவர்களுக்கு அது வராது என்று பலரும் நினைத்துக்கொள்கிறார்கள். பெயரில் பாதிதான் உண்மை. சேற்றுக்குக் காலை நனைத்து வைத்திருக்கும் குணம் உண்டு, அந்த அளவில் பெயர் சரி. ஆனால் தரையில் காலே படாமல் நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்ப்பவரின் ஷூவுக்குள்ளும் அதே நனைவு உண்டு. அங்கே சேற்றின் வேலையை வியர்வை செய்கிறது.

இந்தப் புண் வருகிற இடத்தைக் கொஞ்சம் உற்றுப் பார்க்கலாம். ஒரு பாதத்தில் ஐந்து விரல்கள், நான்கு இடுக்குகள். பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவில் உள்ள முதல் இடுக்கு தானாகவே திறந்திருக்கும், காற்றும் போய் வரும். சுண்டுவிரல் பக்கம் போகப் போக இடுக்கு குறுகிக்கொண்டே வரும். நான்காவது விரலும் சுண்டுவிரலும் நிற்கும்போதும் நடக்கும்போதும் ஒன்றோடொன்று ஒட்டியபடியே இருக்கும். முனை குறுகிய ஷூ போட்டால் இன்னும் இறுகும். சேற்றுப்புண் பெரும்பாலும் இந்த நான்காவது இடுக்கில்தான் தொடங்குகிறது. குளித்துவிட்டு வந்து அரைமணி நேரம் கழித்து அந்த இடுக்கை விரலால் பிரித்துப் பாருங்கள். பாதத்தின் மற்ற இடமெல்லாம் காய்ந்திருக்க, அங்கே மட்டும் தோல் லேசாக வெளுத்து, மெத்தென்று இருக்கும்.

அங்கே குடியேறுவது டெர்மடோஃபைட் என்ற பூஞ்சை வகை. உடம்பில் வட்ட வட்டமாகப் படர்தாமரை வரவைப்பதும் இதே குடும்பம்தான். பாதத்தில் அடிக்கடி பார்க்கக் கிடைப்பவை டிரைக்கோஃபைட்டான் ரூப்ரம், டிரைக்கோஃபைட்டான் இன்டர்டிஜிடேல் என்ற இரண்டு. இவற்றின் உணவு கெரட்டின். தோலின் மேலடுக்கும் நகமும் முடியும் அந்தப் புரதத்தால் ஆனவை. உயிருள்ள திசுவுக்குள் இவை பொதுவாக இறங்குவதில்லை. உடம்பு எப்படியும் உதிர்க்கப்போகிற செத்த தோலடுக்கிலேயே வாழ்க்கையை ஓட்டிவிடும். உள்ளங்காலில் எண்ணெய்ச் சுரப்பிகள் கிடையாது, வியர்வைச் சுரப்பிகளோ மிக நெருக்கம். எண்ணெய்ச் சுரப்பிகள் இருக்கிற இடங்களில் அந்த எண்ணெயில் உள்ள கொழுப்பு அமிலங்கள் பூஞ்சையை ஓரளவு தடுக்கும். பாதத்துக்கு அந்தக் காப்பு இல்லை. தண்ணீர் மட்டும் தாராளம்.

டிரைக்கோஃபைட்டான் ரூப்ரத்தின் கதையிலும் ஷூ வருகிறது. தென்கிழக்கு ஆசியாவிலும் மேற்கு ஆப்பிரிக்காவிலும் இது நீண்ட காலமாக உடம்புப் படர்தாமரையாகவே இருந்தது. வெளியிலிருந்து அங்கே போன படைவீரர்களும் குடியேறிகளும் மூடிய காலணி போட்டிருந்தார்கள். அவர்கள் காலில் அது பாதநோயாக மாறி, அவர்களோடே ஊர் திரும்பி, 20ஆம் நூற்றாண்டில் உலகமெங்கும் பரவியது என்பதே தோல் மருத்துவத்தில் சொல்லப்படும் வரலாறு. பூஞ்சை அதேதான். அது மூடிய ஷூவுக்குள் போனதும் வேறொரு நோயாகிவிட்டது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். பூஞ்சையின் வித்து காலில் பட்ட அந்த நொடியே நோய் வந்துவிடாது. பொதுக் குளியலறைத் தரை, உடற்பயிற்சிக் கூடம், நீச்சல்குளக் கரை, வீட்டு மிதியடி என்று வித்துகள் இல்லாத இடம் அரிது. நோயாளியின் காலிலிருந்து உதிரும் கண்ணுக்குத் தெரியாத தோல்துகளுக்குள் அவை மாதக்கணக்கில், சில சமயம் ஒரு வருடத்துக்கும் மேல், உயிரோடு கிடக்கும். நாம் எல்லோரும் அவற்றை மிதித்துக்கொண்டுதான் இருக்கிறோம். மிதித்த பிறகு வித்து தோலில் ஒட்ட வேண்டும், முளைக்க வேண்டும், மேலடுக்கைத் துளைக்க வேண்டும். இதற்குச் சில மணி நேரம் போதாது. தோல் முழு ஈரத்தில், வெதுவெதுப்பில் இருந்தாலே ஏறத்தாழ ஒரு நாள் ஆகும். கீறலோ வெடிப்போ இருந்தால் அதைவிடச் சீக்கிரம் உள்ளே போய்விடும். இடையில் தோல் காய்ந்துவிட்டால் முளைப்பு தடைபடும். இடையில் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்தால் ஒட்டியிருந்ததில் பெரும்பகுதி போய்விடும்.

ஆகவே வித்தைத் தவிர்ப்பதைவிட, நான்காவது இடுக்கு ஒரு நாளில் எத்தனை மணி நேரம் ஈரமாக இருக்கிறது என்ற கணக்கைக் குறைப்பதுதான் நம் கையில் இருக்கும் காரியம். இதை நான் ஈரக்கணக்கு என்று சொல்வேன். சேற்றுப்புண்ணுக்கு வழக்கமாகச் சொல்லும், சரியான ஷூவைத் தேர்ந்தெடுப்பது, விரலிடுக்கைத் துடைப்பது, அடுத்தவர் செருப்பைப் போடாதிருப்பது என்ற மூன்று அறிவுரைகளையும் இந்தக் கணக்கில் வைத்துப் பார்த்தால்தான் எது எவ்வளவு முக்கியம் என்று புரியும்.

எனக்குத் தெரிந்த ஒரு காவலாளியின் கதையைச் சொல்கிறேன். தினமும் 12 மணி நேரப் பணி, கறுப்பு நிற மூடிய ஷூ ஒரே ஒரு ஜோடி. வலது காலின் நான்காவது இடுக்கில் அரிப்பு. மருந்துக்கடையில் களிம்பு வாங்கிப் போடுவார், ஐந்தாறு நாளில் அரிப்பு நிற்கும், களிம்பையும் நிறுத்துவார், ஒரு மாதத்தில் மறுபடி ஆரம்பிக்கும். மூன்று முறை இப்படி ஆனதும், "இந்த மருந்தெல்லாம் சும்மாங்க" என்ற முடிவுக்கு வந்திருந்தார்.

அவருடைய ஒரு நாளை மணிவாரியாகச் சொல்லச் சொன்னேன். காலை 5 மணிக்குக் குளியல். மிதியடியில் உள்ளங்காலை இரண்டு தேய்ப்பு தேய்த்துவிட்டு நேராக சாக்ஸ். 5.30க்கு ஷூ. மாலை 6.30க்கு வீட்டில் வந்து கழற்றுவார். குளியலறை வாசலில் கிடக்கும் ரப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டு கால் கழுவுவார். அந்தச் செருப்பு வீட்டில் எல்லோருக்கும் பொது, எந்நேரமும் ஈரமாகத்தான் கிடக்கும். ஒன்றரை மணி நேரம் கழித்துத்தான் கால் முழுக்கக் காயும். கூட்டிப் பார்த்தால் அந்த இடுக்கு ஒரு நாளில் 15 மணி நேரம் ஈரத்தில் இருக்கிறது. ஷூவோ இரவில் 11 மணி நேரம்தான் ஓய்வெடுக்கிறது, அதுவும் மூடிய அலமாரிக்குள். காலையில் கையை விட்டுப் பார்த்தால் முனைப்பகுதி சில்லென்று இருக்கும். அந்தச் சில்லிப்பு நேற்றைய வியர்வை.

இந்தக் கணக்கைப் பார்த்துவிட்டு மருந்தைக் குறை சொல்வது நியாயமில்லை. களிம்பு பூஞ்சையைக் குறைத்தது, மீந்ததை 15 மணி நேர ஈரம் மறுபடி வளர்த்தது.

முதலில் ஷூவைப் பார்த்தோம். ஷூ வாங்கும்போது நாம் நீளத்தைத்தான் பார்க்கிறோம். விரலிடுக்குக்கு வேண்டியது முனையில் அகலம். அதைச் சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. ஷூவின் உள்ளட்டையை உருவித் தரையில் போட்டு அதன்மேல் வெறுங்காலோடு ஏறி நில்லுங்கள். விரல்கள் அட்டையின் விளிம்புக்குள் அடங்கினால் சரி. சுண்டுவிரல் வெளியே வழிந்தால், ஷூவுக்குள் அது நான்காவது விரலோடு ஒட்டவைக்கப்படுகிறது என்று பொருள். உள்ளட்டை உருவ வராத ஷூ என்றால் ஒரு தாளில் கால் வைத்துப் பென்சிலால் சுற்றி வரைந்து, அதன்மேல் ஷூவை வைத்துப் பாருங்கள். கோடு ஷூவுக்கு வெளியே தெரிந்தால் அந்த ஜோடி வேண்டாம். மாலையில் பாதம் சற்று உப்பியிருக்கும், அந்த நேரத்தில் அளப்பது நல்லது. காவலாளியின் சுண்டுவிரல் அட்டைக்கு வெளியே கிட்டத்தட்ட பாதி தொங்கியது. பல வருடமாக அதே அளவு எண்ணைச் சொல்லி வாங்கி வந்திருக்கிறார், கால் மட்டும் அகன்றுகொண்டே வந்திருக்கிறது.

அடுத்தது மேற்புறத்தின் பொருள். தோலும் துணியும் வலைத்துணியும் ஓரளவு ஆவியை வெளியே விடும். ரப்பரும் பிளாஸ்டிக் பூச்சுள்ள செயற்கைத் தோலும் விடாது. தண்ணீர் புகாத ஷூ என்று பெருமையாக விற்கிறார்கள். வெளித்தண்ணீர் உள்ளே வராத வழியில் உள்வியர்வையும் எளிதில் வெளியே போகாது. நீண்ட ரப்பர் பூட்ஸ் போட்டே ஆகவேண்டிய வேலைகளில் வேறு வழியில்லை, அங்கே சாக்ஸை அடிக்கடி மாற்றித்தான் சமாளிக்க வேண்டும். முன்பக்கம் திறந்த செருப்புதான் இடுக்குக்கு நல்லது என்பதில் ஐயமில்லை. ஆனால் கனமான பொருள் விழக்கூடிய, கூரான எதுவும் குத்தக்கூடிய இடத்தில் அதைச் சொல்ல முடியாது. பாதத்தில் உணர்ச்சி குறைந்த நீரிழிவுக்காரருக்கும் திறந்த செருப்பு ஆபத்தே. அவருக்கு அகன்ற முனையுள்ள மூடிய காலணிதான் சரி.

எந்தப் பொருளானாலும் ஒரே ஜோடியைத் தினம் போட்டால் எல்லாம் வீண். முழு நாள் போட்ட ஷூ ஓர் இரவில் உள்வரை காய்வதில்லை. இரண்டு ஜோடியை மாற்றி மாற்றிப் போட்டால் ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழ 35 மணி நேரம் கிடைக்கும். நாடாவை நன்றாகத் தளர்த்தி, நாக்கை மேலே இழுத்துவிட்டு, உள்ளட்டையை வெளியே எடுத்துத் தனியாகச் சாய்த்து வைக்க வேண்டும். வியர்வையில் பெரும்பங்கைக் குடிப்பது அந்த அட்டைதான். அட்டை உள்ளேயே இருந்தால் ஷூ காய்ந்ததுபோல் மேலுக்குத் தோன்றும், அடியில் நனைவு அப்படியே இருக்கும். விலை கொடுத்து இரண்டாவது நல்ல ஷூ வாங்க முடியாவிட்டால் உள்ளட்டையையாவது இரண்டு ஜோடி வைத்துக்கொள்ளலாம். காவலாளி முதலில் செய்தது அதைத்தான்.

சாக்ஸ் விஷயத்தில் பருத்தியே உத்தமம் என்று எல்லோரும் சொல்வார்கள். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். பருத்தி வியர்வையை நன்றாக உறிஞ்சும், உண்மைதான். ஆனால் உறிஞ்சியதை விடாமல் தோலோடு வைத்துக்கொள்ளும். இரண்டு மூன்று மணி நேரத்தில் அது ஈரத்துணி. குறைவாக வியர்ப்பவருக்கும், நடுவில் மாற்ற முடிந்தவருக்கும் பருத்தி போதும். நிறைய வியர்த்து, மாற்ற வழியில்லாமல் நாள் முழுக்க நிற்பவருக்கு ஈரத்தைத் தோலிலிருந்து வெளிப்பக்கம் கடத்தும் விளையாட்டு சாக்ஸோ மெல்லிய கம்பளிக் கலப்போ மேல். விரல் விரலாகத் தனி உறை உள்ள சாக்ஸும் கிடைக்கிறது. நான்காவது இடுக்குக்குள் ஒரு துணி அடுக்கு போய் உட்காருவதால் தோலும் தோலும் ஒட்டுவதில்லை. போடுவதற்குப் பொறுமை வேண்டும், அதுதான் குறை. ஆனால் எந்த நூல் என்பதைவிட எத்தனை முறை மாற்றுகிறோம் என்பது பெரியது. மதியம் ஒரு முறை ஷூவைக் கழற்றி, பத்து நிமிடம் காலை ஆறவிட்டு, உலர்ந்த சாக்ஸ் போடுவது அந்த நாளின் ஈரக்கணக்கை நன்றாகக் குறைக்கும்.

துவைப்பதில் ஒரு சங்கதி உண்டு. சாக்ஸை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பித்தான் துவைக்க வேண்டும், தோல்துகள் ஒட்டியிருப்பது உள்ளேதான். 30, 40 டிகிரித் தண்ணீரில் துவைத்தால் வித்துகளில் ஒரு பகுதி தப்பிவிடும், கூடவே துவைக்கும் மற்ற துணிகளுக்கும் போகும். 60 டிகிரி என்றால் சாகும். துணி அந்தச் சூட்டைத் தாங்காது என்றால், நோய் உள்ளவரின் சாக்ஸையும் கால் துண்டையும் தனியாகத் துவைத்து வெயிலில் நன்றாகக் காயப் போடுவது அடுத்த வழி. அரைகுறையாய்க் காய்ந்ததைப் போட்டுக்கொண்டு கிளம்புவதற்குப் பழைய அழுக்குச் செருப்பே மேல்.

துடைப்பதைப் பற்றிச் சொல்ல என்ன இருக்கிறது என்று தோன்றும். இங்கேதான் நிறையப் பேர் தவறுகிறார்கள், நானும் சேர்த்துத்தான். நின்றபடி துண்டால் பாதத்தைச் சுற்றித் துடைத்தால் இடுக்குக்குள் துண்டு போவதே இல்லை. தடித்த துண்டு அந்த இடத்தில் நுழையவும் நுழையாது. உட்கார்ந்து காலைத் தொடைமேல் போட்டுக்கொள்ள வேண்டும். ஒரு கையால் சுண்டுவிரலை வெளிப்பக்கம் விலக்கி, மெல்லிய பருத்தித் துணியின் மூலையை இடுக்கின் அடிவரை விட்டு, அப்படியே சில நொடி ஒற்றி எடுக்க வேண்டும். ரம்பம் அறுப்பதுபோல் இழுத்துத் தேய்த்தால் ஊறிய தோல் கிழியும். கிழிந்த இடம்தான் பூஞ்சைக்கும், அதைவிட முக்கியமாகப் பாக்டீரியாவுக்கும் வாசல். நான்காவது இடுக்கிலிருந்து தொடங்கி உள்பக்கம் வருவது என் பழக்கம். அவசரத்தில் கடைசி இடுக்கை விட்டுவிட்டாலும் அது காற்றோட்டமான முதல் இடுக்காகத்தான் இருக்கும்.

காய்ந்ததா என்று கண்ணால் சொல்ல முடியாது. மெல்லிய டிஷ்யூ தாளில் ஒரு கீற்றுக் கிழித்து இடுக்கில் வைத்துப் பத்து நொடி விரல்களை மூடுங்கள். எடுத்துப் பார்த்தால் தாளில் ஈரத்திட்டு தெரிந்தால் இன்னும் காயவில்லை. முதல் முறை செய்பவர்கள் அநேகமாகத் திட்டைப் பார்ப்பார்கள். அதற்குப் பிறகு ஐந்து பத்து நிமிடம் வெறுங்காலோடு இருந்துவிட்டுச் சாக்ஸ் போடுவது நல்லது. முடி உலர்த்தும் கருவியைக் குளிர்காற்றில் வைத்துப் பிடிக்கலாம். சூட்டில் வைக்கக் கூடாது, பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் சுட்டுக்கொண்டது தெரியாமலே இருந்துவிடுவார்கள்.

சிலருக்கு விரல்கள் வயதாலோ அமைப்பாலோ பிரியவே பிரியாது. அவர்கள் காஸ் துணியை விரல் அகலத்துக்கு மடித்து இடுக்கில் லேசாக வைத்துக்கொண்டு, நனைந்ததும் மாற்றலாம். நனைந்த காஸை நாள் முழுக்க விட்டுவைத்தால் ஒன்றும் வைக்காததைவிட மோசம். பவுடர் போடுகிறவர்களும் இதையே நினைவில் வைக்க வேண்டும். காய்ந்த தோலில் மெலிதாகத் தூவினால் பவுடர் உதவும். ஈர இடுக்கில் அப்பினால் குழைந்து உருண்டையாகி உராயும். மாய்ஸ்சரைசரைக் குதிகாலோடும் உள்ளங்காலோடும் நிறுத்திக்கொள்ளுங்கள், விரலிடுக்கில் வேண்டாம். வெந்நீரில் உப்போ வினிகரோ போட்டு அரைமணி நேரம் காலை ஊறவைக்கும் வைத்தியத்தில் எனக்கு உடன்பாடில்லை. ஏற்கெனவே ஊறிக் கிடக்கும் தோலை இன்னும் ஊறவைக்கிற வேலை அது.

ஈரம் நீடித்தால் நோயின் முகமும் மாறும். பூஞ்சை மட்டும் இருக்கும் கட்டத்தில் இடுக்கில் காய்ந்த செதில், லேசான அரிப்பு, அவ்வளவுதான். ஈரம் தொடர்ந்தால் பாக்டீரியாக்கள் பெருகும். தோல் வெள்ளையாய்ப் பொதபொதத்து, வெடித்து, நாற்றமடிக்கும், அரிப்பு வலியாக மாறும். இந்தக் கட்டத்தில் சுரண்டிப் பார்த்தால் பூஞ்சை கிடைக்காமலும் போகலாம், ஏனென்றால் இப்போது ஆட்டம் பாக்டீரியாவின் கையில். பச்சை நிறம் படிந்தாலோ, சீழ் வைத்தாலோ, பாதத்தின் மேற்புறம் சிவந்து சூடாகி வீக்கம் கணுக்கால் பக்கம் ஏறினாலோ, காய்ச்சல் வந்தாலோ, களிம்பு வைத்தியத்தோடு காத்திருக்கக் கூடாது. இடுக்கு வெடிப்பு வழியே நுழைந்த கிருமியால் காலில் செல்லுலைட்டிஸ் என்ற, தோலின் ஆழத்தில் பரவும் பாக்டீரியாத் தொற்று வருவது மருத்துவர்கள் அடிக்கடி பார்ப்பது. நீரிழிவுக்காரர் இடுக்கில் வெடிப்பைப் பார்த்த அன்றே காட்டிவிட வேண்டும்.

மருந்தைப் பற்றி இரண்டே செய்தி. பூஞ்சைக் களிம்பை அரிப்பு நின்றதும் நிறுத்தக் கூடாது. அரிப்பு முதலில் அடங்கும், பூஞ்சை இருக்கும் தோலடுக்கு முழுக்க உதிர்ந்து புதுத்தோல் வர வாரங்கள் ஆகும். டெர்பினஃபின் களிம்புக்கு விரலிடுக்கில் ஒரு வாரம் போதும் என்பார்கள். கிளோட்ரிமசோல் என்றால் தினம் இரண்டு வேளை வீதம் நான்கு வாரம் வரை போகும். மற்றது, ஸ்டீராய்டு கலந்த களிம்பு. அரிப்பை ஒரே நாளில் அடக்கிவிடும், ஆகவே எல்லோருக்கும் பிடிக்கும். தோலின் எதிர்ப்பையும் சேர்த்து அடக்கிவிடுவதால் பூஞ்சை சத்தமில்லாமல் பரவும், அடையாளம் தெரியாத உருவத்தில் வரும். டியூபில் பூஞ்சை மருந்தின் பெயரோடு வேறு பெயர்களும் இருந்தால் மருந்தாளரிடம் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

இப்போது அடுத்தவர் செருப்பை மாற்றிப் போடும் கதைக்கு வருவோம். இதை நான் கடைசியில் வைத்ததற்குக் காரணம் உண்டு. ஒரு முறை அடுத்தவர் செருப்பைப் போட்டுக்கொண்டு வாசல் வரை போய் வந்ததால் யாருக்கும் சேற்றுப்புண் வந்துவிடப் போவதில்லை, கால் அன்றே கழுவிக் காய்ந்தால் போதும். சிக்கல் தினசரிப் பகிர்வில்தான். குளியலறை வாசலில் கிடக்கும் அந்தப் பொது ரப்பர் செருப்பை எடுத்துக்கொள்ளுங்கள். நோய் உள்ளவர் காலையும் மாலையும் ஈரக்காலோடு அதில் தோல்துகளை உதிர்க்கிறார். மற்றவர்கள் ஈரக்காலோடு அதை எடுத்து ஒட்டிக்கொள்கிறார்கள். செருப்பும் காய்வதே இல்லை. ஒட்டுவது, ஈரம், தினமும் புதுச் சரக்கு, மூன்றும் ஒரே இடத்தில். மூடிய ஷூவைப் பகிர்வது இன்னும் மோசம், அதை எளிதில் கழுவவும் முடியாது, முழுக்கக் காயவைக்கவும் முடியாது. மெல்லிய சாக்ஸ் போட்டுக்கொண்டு அடுத்தவர் ஷூவைப் போட்டால் பாதுகாப்பு என்று நினைப்பதும் முழு உண்மையில்லை, நனைந்த மெல்லிய சாக்ஸ் நல்ல சல்லடை. வாடகைக்குத் தரும் விளையாட்டு ஷூக்களுக்குத் தடித்த சாக்ஸ் போட்டு, வீடு வந்ததும் காலைக் கழுவித் துடைத்துவிட்டு அந்த சாக்ஸைத் துவைக்கப் போடுவதுதான் நடைமுறைக்கு ஒத்து வரும்.

பழைய ஷூவைத் தூக்கி எறியத்தான் வேண்டுமா என்று கேட்பார்கள். எப்போதும் வேண்டியதில்லை. உள்ளட்டையை எறிந்துவிட்டுப் புதிது போடுங்கள். ஷூவுக்குள் பூஞ்சை எதிர்ப்புப் பவுடரோ ஸ்பிரேயோ அடித்து, சில நாள் வெயிலும் காற்றும் படும்படி வையுங்கள். உள்ளே துணி கிழிந்து பஞ்சு வெளியே வந்து, நாற்றம் போகவே போகாத ஷூ என்றால் எறிவதுதான் மலிவு. உறைபெட்டியில் வைத்தால் பூஞ்சை செத்துவிடும் என்றொரு குறிப்பு உலவுகிறது, அதை நம்ப வேண்டாம். குளிரில் அது தூங்கும், அவ்வளவே. பகிரக் கூடாதவற்றில் கால் துடைக்கும் துண்டையும் நகவெட்டியையும் மிதியடியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நோய் உள்ளவர் உடுத்தும்போது உள்ளாடைக்கு முன்னால் சாக்ஸைப் போட்டுக்கொண்டால், துணி காலில் உரசி அந்தப் பூஞ்சையைத் தொடையிடுக்குக்குக் கொண்டுபோவது தவிரும்.

காவலாளியின் வீட்டில் ஆளுக்கொரு குளியலறைச் செருப்பு வந்தது, வார் நிறத்தை வைத்துப் பிரித்துக்கொண்டார்கள். அவர் வேலைக்கு இப்போது திறந்த செருப்பில் போய், அங்கே ஷூ மாற்றிக்கொள்கிறார். முனை அகன்ற இன்னொரு ஜோடி வாங்கி ஒருநாள் விட்டு ஒருநாள் போடுகிறார். மதியம் சாக்ஸ் மாற்றுகிறார், கழற்றியதைத் தனிப் பையில் கட்டி வைக்கிறார். 15 மணி நேரமாக இருந்த ஈரக்கணக்கு, தோராயமாகப் பார்த்தால், ஆறு மணி நேரத்துக்கு வந்தது. நான்கு வாரம் களிம்பும் போட்டார். இடுக்கு காய்ந்து, செதில் உதிர்ந்து, வழக்கமான தோல் நிறம் திரும்பியது.

ஆனால் மூன்றாவது மாதம் ஓரத்தில் மறுபடி லேசான செதில். இந்த முறை அவருக்குக் கோபம் வந்தது, எனக்குக் கொஞ்சம் வெட்கம். சொன்னதையெல்லாம் செய்திருந்தார். விசாரித்தபோதுதான் வீட்டில் உள்ள மற்றவர்களின் கால்களை யாரும் பார்க்கவில்லை என்று தெரிந்தது. அவருடைய அம்மாவின் இரண்டு உள்ளங்கால்களிலும் வெள்ளை வெள்ளையாய் மாவு பூசியதுபோல் மெல்லிய செதில், விளிம்பு வரை. அரிப்பே கிடையாது. பெருவிரல் நகம் தடித்து மஞ்சள் பாரித்திருந்தது. "எனக்கு எப்பவும் கால் வறட்சிதான்" என்று சொல்லி வருடக்கணக்காக எண்ணெய் தடவி வந்திருக்கிறார். விரலிடுக்கில் ஒன்றுமே இல்லாததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. டிரைக்கோஃபைட்டான் ரூப்ரம் இப்படித்தான் பலரிடம் சத்தமில்லாமல் குடியிருக்கும். உள்ளங்காலின் வறட்சி என்று நாம் நினைப்பதற்குள் அது ஒளிந்துகொள்ளும். அதன் செல்சுவரில் உள்ள ஒரு பொருள் உடம்பின் எதிர்ப்பை மந்தப்படுத்துவதால் சிவப்போ அரிப்போ பெரிதாக வராது. ஆனால் துகள் உதிர்வது நிற்பதில்லை.

தோல் மருத்துவர் செதிலைச் சுரண்டி எடுத்து, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசல் ஒரு துளி விட்டு, நுண்ணோக்கியில் பூஞ்சை இழைகளைப் பார்த்து உறுதி செய்தார். நகத்துக்குள் போன பூஞ்சையைக் களிம்பு பெரும்பாலும் எட்டாது என்பதால் அம்மாவுக்கு மாத்திரை. அதற்கு முன்னால் கல்லீரல் சோதனைக்கு எழுதிக் கொடுத்தார், கால் நகம் முழுக்க வளர்ந்து வெளியேற ஒரு வருடம்கூட ஆகலாம் என்றும் சொல்லி அனுப்பினார். மகனுக்கு மறுபடி களிம்பு, இந்த முறை இருவருக்கும் ஒரே நாளில் தொடக்கம். அந்த வீட்டின் நடுக்கூடத்தில் எல்லோரும் மிதித்துக்கொண்டிருந்த பழைய கம்பள மிதியடியை நான் போன அன்று வெயிலில் போட்டிருந்தார்கள்.